பூனாகலை ஏற்றத்தில் தானாக மறிக்கும் வாகனம்: ஓடிப் பார்க்கும்போது விற்பவரிடம் என்ன கேட்பது?

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. ஜப்பானில் ஓடிவிட்டு இங்கு வரும் சிறிய கார்களைப் பற்றிப் பேசும்போது விற்பவர்கள் தவறாமல் சொல்லும் ஒரு வாசகம் உண்டு. "சென்சர் இருக்கு அண்ணே, முன்னுக்கு ஏதும் வந்தா தானா பிரேக் பிடிக்கும்." அது பொய் அல்ல. ஆனால் அந்தச் சென்சர் எந்த மாதிரியான வீதியை மனதில் வைத்துச் செய்யப்பட்டது, பூனாகலை வீதியில் அது என்ன செய்யும் என்பதை யாரும் சொல்வதில்லை.

வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் இடையே ஏ-9 வீதியில் ஓடிப் பார்த்து வாங்கிய காரும், பண்டாரவளையிலிருந்து பூனாகலைக்கு ஏறும் காரும் ஒரே காராக இருக்கலாம். நடந்துகொள்வது ஒரே மாதிரி இருக்காது. ஏ-9 நேரானது, சமதரையானது, கோடு போட்டது. பூனாகலை வீதியோ ஒடுங்கியது. ஒரு பக்கம் மண்மேடும் தேயிலையும், மறுபக்கம் பள்ளம். பின்னேரமானால் மூடுபனி.

இங்கு பலருக்கும் தெரிந்த சுசுகி வேகன் ஆர் காரையே எடுத்துக்கொள்வோம். 2017இல் வந்த வடிவத்திலிருந்து, முன்கண்ணாடியின் மேற்பகுதியில் உட்புறமாக ஒரு கமராவும் ஒரு லேசர் உணரியும் வைத்த வாகனங்கள் வருகின்றன. எல்லா வேகன் ஆரிலும் இது இல்லை. ஜப்பானிலேயே சில தரங்களுக்கு இது மேலதிகப் பணம் கட்டிப் பெறும் பொதியாகத்தான் இருந்தது. ஆகவே முதற்கேள்வி, "இந்த மாடலில் இருக்கிறதா?" என்பதல்ல, "இந்த வண்டியில் இருக்கிறதா, எங்கே, காட்டுங்கள்" என்பதுதான். உள்கண்ணாடிக்கு அருகில் அந்தப் பெட்டியைக் கண்ணால் பாருங்கள். அதை நிறுத்தும் OFF பொத்தான் எங்கே என்றும் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இந்தத் தொகுதிக்குள் இருக்கும் வசதிகளில் மலைநாட்டுக்காரர் ஆழமாக விசாரிக்க வேண்டியது, விற்பவர் பெரும்பாலும் சொல்லாமல் விடும் ஒன்று. பிரேக் என்று நினைத்து அக்சிலரேட்டரை மிதித்துவிட்டால் கார் பாய்ந்துவிடாமல் தடுக்கும் வசதி அது. வாகனம் நின்றுகொண்டிருக்கும்போது, அல்லது சுமார் 10 கிலோமீற்றருக்குக் குறைந்த வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும்போது, முன்னால் ஏறத்தாழ 4 மீற்றருக்குள் ஏதாவது தடை இருந்து, சாரதி அக்சிலரேட்டரைப் பலமாக மிதித்தால், எஞ்சினின் சக்தியை அது குறைத்துவிடும். தரிப்பிடத்தில் சுவரை இடிப்பதிலிருந்து காப்பாற்றுவதற்கான ஏற்பாடு. வயதானவர்கள் அதிகம் ஓட்டும் ஜப்பானுக்கு மிகவும் தேவையான ஒன்றுதான்.

இனி அதே காரை ஒரு கொண்டை ஊசி வளைவில் வைத்துப் பாருங்கள். மேலிருந்து பஸ் இறங்குகிறது. நீங்கள் ஒதுங்கி, மண்மேட்டைப் பார்த்தபடி ஏற்றத்தில் நிற்கிறீர்கள். பஸ் போய்விட்டது. காரில் நான்கு பேர், பின்னால் அரிசி மூட்டை. எஞ்சினோ 660 சீசீ. இலேசாக மிதித்தால் ஏறாது, எனவே நன்றாக மிதிப்பீர்கள். முன்னால் 4 மீற்றருக்குள் மண்மேடு. இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்துவிட்டன. சாரதி பிழையாக மிதித்துவிட்டார் என்று கார் முடிவு செய்யலாம். "பீப்" என்று சத்தம் வரும், மீற்றர் பலகையில் ஓர் எச்சரிக்கை தோன்றும், மிதித்தும் எஞ்சின் எழும்பாது. ஏற்றத்தில் பின்னோக்கி உருளாமல் பிடித்து வைக்கும் வசதியும் இருக்கிறதே என்று கேட்கலாம். அது பிரேக்கிலிருந்து கால் எடுத்த பிறகு சுமார் 2 செக்கன் மட்டுமே பிடிக்கும். அதற்குப் பின் கார் பின்னோக்கி வரும். பின்னால் முச்சக்கரவண்டி நிற்கலாம், பள்ளம் இருக்கலாம்.

இப்படி நடந்தால் எஞ்சின் பழுது என்று எண்ணி மேலும் அழுத்துவதுதான் மிகக் கெட்ட வழி. உடனே பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கையும் போடுங்கள். பின்பு OFF பொத்தானை அழுத்திப் பிடித்து வசதியை நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கை வீதிப் பக்கம் திருப்பிப் புறப்படலாம். ஆகவே ஓடிப் பார்க்கும்போது, ஆளில்லாத ஓர் ஏற்றத்தில் நிறுத்தி, பொத்தானை எத்தனை செக்கன் அழுத்த வேண்டும், நின்றதும் எந்த விளக்கு எரிகிறது என்று விற்பவரையே செய்து காட்டச் சொல்லுங்கள். தானியங்கி பிரேக்கைச் சோதிக்கிறேன் என்று சுவரையோ ஆளையோ நோக்கி ஓட்டிப் பார்க்கும் விளையாட்டு மட்டும் வேண்டாம்.

அடுத்து, எஞ்சினை நிறுத்தி மீண்டும் இயக்குங்கள். நிறுத்திய வசதி இப்போது எந்த நிலையில் இருக்கிறது? பெரும்பாலான வாகனங்களில் தானியங்கி பிரேக் ஒவ்வொரு முறை இயக்கும்போதும் தானாகவே மீண்டும் வேலைக்கு வந்துவிடும். "நான் ஓஃப் பண்ணித்தான் தாறேன்" என்ற விற்பவரின் பேச்சு அடுத்த நாள் காலை செல்லாது. டொயோட்டாவின் சேஃப்டி சென்ஸ் உள்ள பல கார்களில் இன்னொரு நுட்பம் இருக்கிறது. மோதல் எச்சரிக்கை முந்தி வர வேண்டுமா, நடுவிலா, பிந்தியா என்று மூன்று படிகளில் மாற்றலாம். நீங்கள் வைத்த படி, காரை நிறுத்தினாலும் நினைவில் இருக்கும். ஆனால் வசதியை முழுதாக நிறுத்தி மீண்டும் இயக்கினால் நடுப்படிக்குத் திரும்பிவிடும். வளைவில் எதிரே வரும் பஸ்ஸையும் ஓரத்துக் கம்பத்தையும் பார்த்து அடிக்கடி கத்தும் கார் என்றால், முழுதாக நிறுத்துவதைவிடப் பிந்திய படிக்கு மாற்றுவது நல்லது. அந்த மாற்றத்தை எங்கே செய்வது என்று கேளுங்கள். திரை ஜப்பானிய மொழியில் இருந்தால் 設定 என்ற எழுத்துகளைத் தேடுங்கள், அமைப்புகள் என்று பொருள். மொழியை மாற்ற முடியுமா என்று கேட்டு, முடியாது என்றால் ஒவ்வொரு பக்கத்தையும் போனில் படம் எடுத்து, எது என்ன என்று அப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

கோட்டைத் தாண்டினால் எச்சரிக்கும் வசதியைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. வேகன் ஆரில் அது சுமார் 60 கிலோமீற்றர் வேகத்துக்கு மேல்தான் விழிக்கும், அதற்கு வீதியில் கோடும் தெரிய வேண்டும். பூனாகலை வீதியில் அந்த வேகமும் இல்லை, நம்பக்கூடிய கோடும் இல்லை. அதற்காக ஒரு சதமும் கூடுதலாகக் கொடுக்காதீர்கள்.

மூடுபனி வேறு விடயம். கமராவும் லேசரும் பார்ப்பது கண்ணாடியூடாகத்தான். கண்ணாடி புகைபிடித்தாலும், கடும் மழை பெய்தாலும், பனி இறங்கினாலும் தொகுதி தற்காலிகமாக வேலையை நிறுத்தலாம். நிறுத்தும்போது எந்த விளக்கு வரும் என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும், ஏனென்றால் உங்களுக்கும் வீதி தெரியாத நேரம் அதுவே. முடிந்தால் காலை வெயிலில் ஒரு முறையும் பின்னேரப் பனியில் ஒரு முறையும் ஓடிப் பாருங்கள்.

எச்சரிக்கை விளக்கு நல்ல வெயிலிலும் அணையாமல் இருந்தால், கமராவின் முன்னால் ஸ்டிக்கரோ, வெயில் மறைக்கும் கறுப்புத் தாளோ, தொங்கும் சாமி மாலையோ இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அப்படி எதுவும் இல்லை என்றால் கண்ணாடி மாற்றப்பட்டதா என்று நேரடியாகக் கேளுங்கள். கண்ணாடி மாற்றினால் கமராவின் பார்வைக் கோணத்தைக் கருவி வைத்து மீண்டும் சரிசெய்ய வேண்டும். சில பாகை பிசகினாலும் அது தவறான இடத்தைப் பார்க்கும். அதற்கான கருவி எல்லாக் கராஜிலும் இருக்காது. மாற்றப்பட்டது என்றால், எங்கே சரிசெய்தார்கள் என்ற பற்றுச்சீட்டைக் கேளுங்கள். சீட்டு இல்லை என்றால், அந்த வேலைக்கு எவ்வளவு ஆகும் என்று கருவி உள்ள ஓர் இடத்தில் விசாரித்து, அந்தத் தொகையை விலையில் கழித்துப் பேசுங்கள்.