ஏழு சதவீதம் எங்கிருந்து வந்தது?

ஒரு நூற்பாலைக்கு 100 கோடி ரூபாய் கடன் இருக்கிறது. வட்டி ஆண்டுதோறும் சந்தையோடு சேர்ந்து மாறும். வட்டி ஏறிவிடுமோ என்ற கவலையில் ஆலை ஒரு வங்கியுடன் மூன்று வருட ஸ்வாப் ஒப்பந்தம் போடுகிறது. ஒவ்வொரு வருட முடிவிலும் ஆலை வங்கிக்கு 7 சதவீதம் கொடுக்கும். அந்த வருடத் தொடக்கத்தில் சந்தையில் இருந்த ஒரு வருட வட்டியை வங்கி ஆலைக்குக் கொடுக்கும். 100 கோடி என்பது வட்டியைக் கணக்கிட மட்டுமே, அது கைமாறுவதில்லை. இரண்டு வட்டிக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் கைமாறும்.

கையெழுத்தாகும் நாளில் யாரும் யாருக்கும் ஒரு பைசா கொடுப்பதில்லை. அன்று இந்த ஒப்பந்தத்தின் மதிப்பு பூஜ்யம் என்கிறார்கள். ஆனால் அன்றைய ஒரு வருட வட்டி 6 சதவீதம்தான். அப்படியானால் முதல் வருட முடிவில் ஆலை 7 கோடி கொடுத்து 6 கோடி வாங்கும் என்பது இப்போதே தெரிகிறது. நிச்சயமாக ஒரு கோடி கைவிட்டுப் போகும் ஒப்பந்தத்துக்கு எப்படிப் பூஜ்ய மதிப்பு?

விடை தெரிய வேண்டுமானால், பின்னால் வரப்போகும் பணம் இன்று என்ன பெறும் என்று பார்க்க வேண்டும். அன்றைய சந்தை வட்டிகளின்படி, ஒரு வருடம் கழித்து வரும் 100 ரூபாய்க்கு இன்றைய மதிப்பு 94.34 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு வருடம் கழித்து வருவதற்கு 88.17, மூன்று வருடம் கழித்து வருவதற்கு 81.52. தூரம் போகப் போக மதிப்பு குறைகிறது.

ஆலை கொடுக்கும் பக்கத்தைக் கணக்கிடுவது எளிது. மூன்று தடவை 7 கோடி. அந்த மூன்று எண்களையும் கூட்டினால் 264.03; அதில் 7 சதவீதம் 18.48. அதாவது ஆலை கொடுக்கப்போகும் மொத்த வட்டிக்கு இன்றைய மதிப்பு 18.48 கோடி.

வங்கி கொடுக்கும் பக்கம்தான் பலரைத் தடுமாற வைக்கிறது. அடுத்த வருட வட்டியும் அதற்கடுத்த வருட வட்டியும் இன்னும் யாருக்கும் தெரியாதே, எதை வைத்துக் கணக்குப் போடுவது? இங்கே ஒரு அழகான வழி இருக்கிறது. கையில் 100 கோடி வைத்திருக்கும் ஒருவர் அதை ஒரு வருடத்துக்குக் கடன் கொடுக்கிறார். வட்டியை எடுத்துக்கொண்டு, அசலை மறுபடி அன்றைய வட்டிக்குக் கொடுக்கிறார். மூன்றாம் வருடமும் அப்படியே. அவருக்குக் கிடைப்பவை மூன்று வருட மாறும் வட்டியும் கடைசியில் 100 கோடி அசலும். இவை எல்லாவற்றையும் பெற அவர் இன்று போட்டது 100 கோடிதான். அந்தக் கடைசி அசலுக்கு இன்றைய மதிப்பு 81.52 கோடி. அதைக் கழித்தால், மாறும் வட்டி மட்டும் இன்று 18.48 கோடி பெறும். வருங்கால வட்டியைப் பற்றி எந்த ஆரூடமும் தேவைப்படவில்லை.

இரண்டு பக்கமும் 18.48. ஏழு சதவீதம் வந்தது இப்படித்தான்: இரு பக்கத்தையும் சமமாக்கும் ஒரே நிலையான வட்டி அது.

அதே 94.34, 88.17, 81.52 என்ற எண்களுக்குள் இன்னொரு செய்தியும் ஒளிந்திருக்கிறது. 94.34-ஐ 88.17-ஆல் வகுத்தால் இரண்டாம் வருடத்துக்கு இன்றே பேசி முடிக்கக்கூடிய வட்டி கிடைக்கும்: 7 சதவீதம். மூன்றாம் வருடத்துக்கு 8.16. ஆகவே ஆலை முதல் வருடம் ஒரு கோடி கூடுதலாகக் கொடுக்கிறது, இரண்டாம் வருடம் சரிக்குச் சரி, மூன்றாம் வருடம் திரும்பப் பெறும் என்பதே சந்தை விலைகள் சொல்லும் கணக்கு. பூஜ்யம் என்பது மூன்று வருடத்தையும் சேர்த்துப் பார்த்த மதிப்பு. ஒவ்வொரு வருடமும் சமமாக இருக்கும் என்று அதற்கு அர்த்தமில்லை.

நடைமுறையில் அந்தப் பூஜ்யமும் முழுப் பூஜ்யமாக இருக்காது. வங்கி 7 என்று சொல்லாமல் 7.05 என்று சொல்லும். 0.05 சதவீதம்தானே என்று விட்டுவிடக் கூடாது. வருடத்துக்கு 5 லட்சம் வீதம் மூன்று வருடத்துக்கு. இன்றைய மதிப்பில் சுமார் 13 லட்சம். கையெழுத்துப் போட்ட நிமிடமே ஆலையின் கணக்கில் விழும் குறை அது. வங்கியின் செலவுக்கும் அது ஏற்கும் ஆபத்துக்கும் ஒரு விலை நியாயம்தான். ஆனால் அது ரூபாயில் எவ்வளவு என்று ஆலையின் நிதி மேலாளர் கேட்டுத் தெரிந்துகொண்டே கையெழுத்திட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இப்போது ஒரு வருடம் ஓடிவிட்டது. ஒப்பந்தம் 7 சதவீதத்திலேயே இருப்பதாகக் கொள்வோம். முதல் தவணையில் ஆலை ஒரு கோடி கொடுத்துவிட்டது. இன்னும் இரண்டு வருடம் பாக்கி. இதற்குள் சந்தை வட்டி இறங்கிவிட்டது. ஒரு வருட வட்டி 5 சதவீதம். புதிதாக இரண்டு வருட ஸ்வாப் போட்டால் 5.5 சதவீதம். இந்த விலைகளின்படி ஒரு வருடம் கழித்து வரும் 100 ரூபாய்க்கு 95.24, இரண்டு வருடம் கழித்து வருவதற்கு 89.82.

பழைய முறையையே மறுபடி போடலாம். மாறும் வட்டியின் மதிப்பு 100-இலிருந்து 89.82 போக 10.18 கோடி. ஆலை கொடுக்க வேண்டிய இரண்டு 7 கோடிகளின் மதிப்பு 12.95 கோடி. வித்தியாசம் ஆலைக்கு 2.77 கோடி நஷ்டம். வேறு வழியிலும் இதைச் சரிபார்க்கலாம். இன்று 5.5-க்குக் கிடைப்பதற்கு ஆலை 7 கொடுக்கிறது. வருடத்துக்கு ஒன்றரைக் கோடி அதிகம். இரண்டு வருடத்துக்கு 3 கோடி, இன்றைய மதிப்பில் அதே தொகை. முழு மதிப்பீடும் இந்த ஒரு ஒப்பீட்டுக்குள் அடங்கும்: பழைய வட்டிக்கும், மீதிக் காலத்துக்கான இன்றைய ஸ்வாப் வட்டிக்கும் உள்ள தூரம்.

வட்டி ஏறினால் இதே கணக்கு ஆலையின் பக்கம் சாயும். ரிசர்வ் வங்கியின் ரெப்போ வட்டி 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதம். 2023 பிப்ரவரியில் 6.50. அந்த ஏற்றத்துக்கு முன்பே குறைந்த நிலையான வட்டியில் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு அது சொத்தாக மாறியது.

சந்தை முதல் நாள் கணக்கிட்டபடியே நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அப்போதும் மதிப்பு பூஜ்யமாக இருந்திருக்காது. ஆலைக்கு ஒரு கோடி லாபம் காட்டியிருக்கும். முதல் தவணையில் போன ஒரு கோடிதான் மீதிக் காலத்தில் மதிப்பாகத் திரும்பி நிற்கிறது. இது புரியாமல் வருட முடிவில் மதிப்பீட்டுத் தாளில் ஒரு எண்ணைக் கண்டதும் யாரோ தவறாகக் கணித்துவிட்டார்கள் என்று சண்டை போடுபவர்கள் உண்டு.

உண்மையான தவறுகள் வேறு இடத்தில் நடக்கின்றன. 100-இலிருந்து கழிக்கும் வழி, தவணை முடிந்து வட்டி புதிதாகத் தீர்மானமாகும் நாளில்தான் சரிப்படும். நடுவில் மதிப்பிட்டால், நடப்புத் தவணைக்கு முன்பே தீர்மானமாகிவிட்ட வட்டியையும் 100-ஓடு சேர்த்து, அடுத்த தவணை நாளிலிருந்து இன்றைக்குக் கொண்டுவர வேண்டும். இதை மறந்தால் விடை பல லட்சம் பிசகும். மாறும் வட்டியும் இன்றைய மதிப்புக்குப் பயன்படும் வட்டியும் ஒரே சந்தையைச் சேர்ந்தவையாகவும் இருக்க வேண்டும். இந்திய ரூபாயில் அதிகம் புழங்கும் ஸ்வாப், வங்கிகள் ஒரே இரவுக்குக் கொடுத்து வாங்கும் கடனின் வட்டியான மைபாரை ஒட்டியது. ஆலையின் கடன் ரெப்போவை ஒட்டியதென்றால் இரண்டும் ஒரே அளவில் அசையாது. ஸ்வாப்பின் மதிப்பு சரியாக இருந்தாலும் கடனின் கவலை முழுதாகத் தீராது.

இதெல்லாம் காகிதக் கணக்காக நில்லாமல் கைக்காசாவது, ஆலை கடனை முன்கூட்டியே அடைத்துவிட்டு ஸ்வாப்பையும் முடித்துக்கொள்ள விரும்பும் நாளில். வங்கி 3 கோடி கேட்கிறது என்று வையுங்கள். மேலாளர் இன்னொரு வங்கியைக் கூப்பிட்டு, இரண்டு வருட ஸ்வாப் இன்று என்ன வட்டி என்று மட்டும் கேட்கட்டும். 5.5 என்று பதில் வந்தால் 2.77 கோடி மதிப்பு. மேலே உள்ள 23 லட்சம் வங்கியின் கூலி. பேரம் பேச வேண்டியது அந்த 23 லட்சத்தைப் பற்றித்தான்.