பத்துக் கோடி உறுப்புகளுக்குப் பதில் நான்கு

1/2 + 1/5 + 1/10 + 1/17 + 1/26 என்று போகும் தொடரில் n-ஆவது உறுப்பு 1/(n²+1). முடிவே இல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் இது எந்த எண்ணை நெருங்கும்? கால்குலேட்டரில் முதல் பத்து உறுப்புகளைக் கூட்டினால் 0.9818 வருகிறது. உண்மையான விடை 1.0767. N உறுப்புகளைக் கூட்டி நிறுத்தினால் ஏறக்குறைய 1/N பாக்கி நிற்கும். எட்டுத் தசம இடம் சரியாக வேண்டுமென்றால் பத்துக் கோடி உறுப்புகளாவது கூட்டியாக வேண்டும்.

பிரான்ஸ் நாட்டுக் கணிதர் சிமியோன் தெனி பாய்சான் (1781–1840) பெயரில் உள்ள கூட்டல் சூத்திரம் இதற்குக் குறுக்குவழி தருகிறது. ஒரு சார்பின் மதிப்புகளை எல்லா முழு எண்களிலும் எடுத்துக் கூட்டினால் வரும் தொகையும், அதன் ஃபூரியர் உருமாற்றத்தின் மதிப்புகளை எல்லா முழு எண்களிலும் எடுத்துக் கூட்டினால் வரும் தொகையும் ஒன்றே என்கிறது அது:

Σ f(n) = Σ F(k)

இதில் f(x) நம் சார்பு. F(k) என்பது, நொடிக்கு இத்தனை என்பதுபோல, ஓர் அலகு நீளத்துக்குள் k முறை ஏறி இறங்கும் அலை அந்தச் சார்பில் எவ்வளவு கலந்திருக்கிறது என்பதன் அளவு. F(0) மட்டும் அலையே இல்லாத பகுதி. அது வரைகோட்டுக்குக் கீழுள்ள மொத்தப் பரப்பு.

இரண்டும் ஏன் சமமாக வேண்டும்? வரைகோட்டை ஒரு நீண்ட நாடாவில் வரைந்து, சுற்றளவு சரியாக ஓர் அலகு உள்ள உருளையில் சுற்றுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். 0, 1, 2, -1, -2 எல்லாம் ஒரே கோட்டின்மேல் வந்து விழும். ஒவ்வோர் இடத்திலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த உயரங்களைக் கூட்டினால், ஓர் அலகுக்கு ஒருமுறை திரும்பத் திரும்ப வரும் புதிய சார்பு கிடைக்கும். திரும்ப வரும் சார்பை அலைகளின் கூட்டாக, அதாவது ஃபூரியர் தொடராக எழுதலாம். அந்த அலைகளின் அளவுகளைக் கணக்கிட்டால் வருபவை F(k)-களேதான். தொடக்கக் கோட்டில் அந்தச் சார்பின் உயரம் ஒரு பக்கம் Σ f(n), மறுபக்கம் Σ F(k). நிரூபணம் அவ்வளவுதான்.

நம் கணக்குக்கு வருவோம். f(x) = 1/(x²+1) என்றால் F(k) = π·e^(-2π|k|). k ஒன்று கூடும்போதெல்லாம் மதிப்பு 535 மடங்குக்கு மேல் சுருங்குகிறது. k = 0 தருவது π, அதாவது 3.14159265. k = 1, -1 இரண்டும் சேர்ந்து 0.01173349 தருகின்றன, கூட்டினால் 3.15332614. அடுத்த ஜோடி 0.00002191, இப்போது 3.15334805. அதற்கடுத்தது வெறும் 0.00000004, 3.15334809 ஆகிறது. இது எதிர்ம முழு எண்களையும் பூச்சியத்தையும் சேர்த்த தொகை. பூச்சியத்துக்குரிய 1-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 1.07667405. நான்கே படிகளில் வேலை முடிந்தது.

இந்த லாபம் எப்போதும் கிடைக்காது. பரந்து கிடக்கும் சார்பின் உருமாற்றம் ஒடுங்கியிருக்கும். ஒடுங்கிய சார்பின் உருமாற்றம் பரந்து கிடக்கும். 1/(x²+a²) என்று எடுத்து a-ஐ 1/100 ஆக்கினால், நடுவில் ஊசிபோல் உயர்ந்த கூர்முனை வரும். அப்போது மறுபக்க உறுப்புகள் ஒவ்வொரு படியிலும் ஆறு சதவீதம்தான் குறையும். நல்லவேளையாக அது பெருக்குத் தொடர் என்பதால் ஒரே வரியில் கூட்டிவிடலாம். உருமாற்றம் அப்படி வசதியாக அமையாத சார்புகளில் பாய்சானால் பயனில்லை.

இன்னொரு பொறி, சார்பு திடீரென்று தாவும் இடம். x பூச்சியத்துக்குக் கீழே இருந்தால் 0, மேலே e^(-x) என்ற சார்பைப் பாருங்கள். 1 + 1/e + 1/e² + … நேராகக் கூட்டினால் 1.58198. சூத்திரத்தின் மறுபக்கத்தை k, -k என்று ஜோடி ஜோடியாகக் கூட்டினால் 1.08198. சரியாக அரை குறைகிறது. சூத்திரத்தில் தவறில்லை, தாவும் புள்ளியில் ஃபூரியர் தொடர் இரு பக்க மதிப்புகளின் சராசரியைத்தான் எடுத்துக்கொள்ளும். ஆகவே f(0)-ஐ 1 என்று வைக்காமல் 1/2 என்று வைத்தால் இரு பக்கமும் பொருந்தும். உருமாற்றம் 1/k வேகத்தில் மந்தமாகக் குறைந்தால், சார்பில் எங்கோ தாவல் இருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். அந்தத் தாவல் முழு எண்ணில் விழுகிறதா என்று முதலில் பார்த்துவிட்டுக் கூட்டத் தொடங்குங்கள்.