மெயிலின் அடியில் நான்கு வரி

கோவையில் பம்புசெட் உதிரிபாகம் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தைக் கற்பனை செய்துகொள்வோம். அங்கே விற்பனைப் பிரிவில் இருப்பவர் ஈரோடு, திருப்பூர் கடைக்காரர்களுக்குத் தினமும் மெயில் அனுப்புகிறார். பெரும்பாலும் செய்தி இரண்டே வரிதான்: “நாற்பது பெட்டி நாளை லாரியில் ஏறும். எல்.ஆர். நகல் மாலையில் அனுப்புகிறேன்.” அதற்குக் கீழே தானாக வந்து நிற்கும் கையொப்பமோ பதினான்கு வரி. பெயர், பட்டம், பதவி, பிரிவு, நிறுவனத்தின் முழு முகவரி, அலுவலக போன், ஃபேக்ஸ், இரண்டு செல் நம்பர், மின்னஞ்சல் முகவரி, இணையதளம், லோகோ, ஃபேஸ்புக் முதலான சின்னங்கள், மரங்களைக் காப்போம் என்றொரு வாசகம், கடைசியில் பொடி எழுத்தில் ரகசிய எச்சரிக்கை. செல்போனில் படிக்கும் கடைக்காரருக்குச் செய்தி ஒரு கீற்று, மற்றதெல்லாம் கையொப்பம்.

இதில் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்ய ஒரு எளிய வழி உண்டு. கடந்த ஒரு மாதத்தில் வந்த பதில்களைத் திறந்து, எதிர்த்தரப்பு என்ன கேட்டது என்று பார்ப்பதுதான். “உங்க நம்பர் அனுப்புங்க சார்”, “எத்தனை மணி வரைக்கும் பேசலாம்”, “திருப்பூர் ஆர்டரும் நீங்கதான் பார்க்கிறீங்களா” போன்ற கேள்விகள் வந்திருந்தால், அவற்றுக்கான விடைகள்தான் கையொப்பத்தின் உள்ளடக்கம். யாரும் கேட்காததை எடுத்துவிடலாம். ஃபேக்ஸ் எண்ணை யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். மின்னஞ்சல் முகவரி மெயிலின் மேலேயே இருக்கிறது. முகவரி, பழுதான பாகத்தைத் திருப்பி அனுப்புகிறவருக்கு மட்டும் வேண்டும். அந்த மெயிலில் அதைத் தட்டச்சு செய்தால் போதும். பதவியைவிட எந்த வேலைக்குப் பொறுப்பு என்பதே கடைக்காரருக்குப் பயன்படும். ‘சீனியர் எக்ஸிகியூட்டிவ்’ என்பதிலிருந்து அவருக்கு ஒன்றும் தெரியாது. ‘விற்பனை – ஈரோடு, திருப்பூர்’ என்றால் தெரியும்.

சலித்தெடுத்தபின் மிஞ்சுவது இவ்வளவு:

```
எஸ். முருகன்
விற்பனை – ஈரோடு, திருப்பூர்
(நிறுவனத்தின் பெயர்), கோவை
+91 98xxx xxxxx (திங்கள்–சனி, 9.30–6)
```

நான்கு வரி என்பது புதிய அளவு அல்ல. 1995இல் வெளியான ஆர்.எஃப்.சி. 1855 என்ற இணைய நடத்தை வழிகாட்டியே, கையொப்பம் நான்கு வரிக்கு மேல் போகாமல் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டது.

இந்த நான்கில் அதிகம் கெட்டுப்போவது போன் நம்பர் வரிதான். பழைய லெட்டர்பேடில் அச்சடித்த வழக்கத்தில், ஒரு முழு எண்ணை எழுதி, சாய்கோடு போட்டு, அடுத்த எண்ணின் கடைசி இரண்டு இலக்கங்களை மட்டும் போடுகிறோம். மனிதருக்கு அது புரியும், செல்போனுக்குப் புரியாது. எண்ணைத் தொட்டால் அழைப்பு போக வேண்டும் என்றால் அது முழுதாக, தனியாக, `+91` உடன் இருக்க வேண்டும். கோவை லேண்ட்லைன் என்றால் முன்னால் உள்ள பூஜ்யம் போய் `+91 422` என்று தொடங்கும். இப்படி எழுதினால் வெளிநாட்டிலிருந்தும் அப்படியே அழைக்கலாம். இரண்டு நம்பர் கொடுத்தால் எதை அழைப்பது என்ற குழப்பம் படிப்பவருக்கு. ஆகவே உண்மையில் எடுக்கும் நம்பர் ஒன்று போதும். பக்கத்தில் நேரத்தைப் போடுவது இரவு ஒன்பது மணி அழைப்புகளைப் பெருமளவு குறைக்கும்.

பெயர் வரியில் நமக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. ஈரோட்டுக்காரருக்கு ‘எஸ். முருகன்’ என்றால் எதை வைத்துக் கூப்பிடுவது என்று தெரியும். அதே கையொப்பம் ஆங்கிலத்தில் ஒரு ஜெர்மன் நிறுவனத்துக்குப் போனால், முதலில் நிற்பதே பெயர் என்று எண்ணி ‘அன்புள்ள எஸ்’ என்று பதில் வரக்கூடும். இனிஷியலை விரித்து ‘முருகன் சுப்பிரமணியன்’ என்று எழுதினாலோ, பின்னால் இருப்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டு ‘திரு. சுப்பிரமணியன்’ என்று அப்பாவை அழைப்பார்கள். வெளிநாட்டுக் கடிதங்களுக்குத் தனிக் கையொப்பம் வைத்து, அதில் அழைக்கப்பட விரும்பும் பெயரை மட்டும் போட்டுவிடுவது நல்லது. ஜிமெயிலிலும் அவுட்லுக்கிலும் ஒன்றுக்கு மேற்பட்ட கையொப்பங்களைச் சேமிக்கலாம்.

லோகோவை எடுக்கச் சொன்னால்தான் முதலாளிகளுக்கு மனம் வராது. ஆனால் லோகோ மறுமுனையில் எப்படித் தெரிகிறது என்று பார்க்க வேண்டும். இணையத்திலிருந்து இறங்கும் படங்களைப் பல மெயில் செயலிகள் முதலில் தடுத்துவிடும். லோகோ இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுப் பெட்டி தெரியும். படத்தை மெயிலுக்குள்ளேயே வைத்தால், சில செயலிகளில் `image001.png` என்ற இணைப்பாக வந்து நிற்கும். பில் இணைத்த மெயிலைத் தேடும் கடைக்காரருக்கு எல்லா மெயிலிலும் இணைப்பு இருப்பதுபோலத் தெரிந்தால், அது அவருக்குப் பெரிய தொல்லை. பின்னணி இல்லாத கறுப்பு எழுத்து லோகோ, இருண்ட திரை வைத்திருப்பவரின் போனில் காணாமலே போய்விடும். பெயரையும் நம்பரையும் சேர்த்து ஒரே படமாக்கி ஒட்டுவதுதான் இவற்றில் மிக மோசம். அந்த நம்பரைத் தொட்டு அழைப்பதும் கடினம், நகலெடுப்பதும் கடினம். திரையை வாசித்துக்காட்டும் மென்பொருளை நம்பியிருக்கும் பார்வையற்றவருக்கு அங்கே பெரும்பாலும் ஒன்றுமே கேட்காது.

ரகசிய எச்சரிக்கையைப் பற்றியும் சொல்ல வேண்டும். தவறான ஆளுக்கு மெயில் போனபிறகு, அதன் அடியில் இருக்கும் ஒரு பத்தி, ஒப்புக்கொள்ளாத அவரை ஒப்பந்தத்தில் கட்டிவிடாது. அனுப்புமுன் முகவரியைச் சரிபார்ப்பதும், முக்கியமான கோப்புக்குக் கடவுச்சொல் போடுவதும்தான் காப்பு. வங்கியிலோ வக்கீல் அலுவலகத்திலோ வேலை செய்கிறவர்களுக்கு நிறுவன விதி இருந்தால் அதை மீற முடியாது, அது வேறு.

சட்டம் கேட்கும் விவரங்களும் உண்டு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம், 12ஆம் பிரிவில், கம்பெனியின் பெயர், பதிவு அலுவலக முகவரி, சி.ஐ.என். எண், தொலைபேசி, மின்னஞ்சல் ஆகியவை வணிகக் கடிதங்களிலும் பில்களிலும் இருக்க வேண்டும் என்கிறது. பிரைவேட் லிமிடெட் போன்ற பதிவு பெற்ற கம்பெனிகளுக்குத்தான் இது. தனிநபர் உரிமையிலான கடைக்கு இல்லை. மெயிலையே முறையான கடிதமாகப் பயன்படுத்தும் கம்பெனி, தன் செயலரைக் கேட்டு இவற்றைச் சிறிய எழுத்தில் ஒரே வரியாக, நான்கு வரிக்கும் கீழே, சேர்த்துக்கொள்ளலாம். விலைப்புள்ளியை லெட்டர்பேடில் பி.டி.எஃப். ஆக அனுப்புகிறவர்களுக்கு அந்த விவரம் அதிலேயே போய்விடுகிறது. பிரிட்டனில் 2007 முதல் கம்பெனிகளின் வணிக மெயிலிலேயே பதிவு விவரம் இருப்பது கட்டாயம்.

கையொப்பம் சுருங்கியபிறகும் பதில் மெயில்களில் அது திரும்பத் திரும்ப வரும். பத்து முறை போய்வந்த உரையாடலில் இரு பக்கத்துக் கையொப்பமும் அடுக்கடுக்காகச் சேர்ந்து, சரக்கு கிளம்பிய தேதியைத் தேட விரல் வலிக்கத் தள்ள வேண்டியிருக்கும். மெயில் 102 கேபியைத் தாண்டினால் ஜிமெயில் மீதியை வெட்டி மறைத்துவிடும். அதனால் பதிலுக்குப் பெயரும் நம்பரும் மட்டும் கொண்ட ஒரு வரிக் கையொப்பம் தனியாக வேண்டும். கணினியில் ஜிமெயிலின் `See all settings` உள்ளே, `General` பக்கத்தில், `Signature` பகுதியில் புதிய மெயிலுக்கு ஒன்று, பதிலுக்கு ஒன்று என்று தேர்ந்தெடுக்க முடியும். அதே இடத்தில், பழைய உரையாடலுக்கு மேலே கையொப்பம் வரவேண்டும் என்ற கட்டத்தையும் டிக் செய்யுங்கள். இல்லாவிட்டால் நம்பர் நூலின் அடியில் போய் ஒளிந்துகொள்ளும்.

போனிலிருக்கும் ஜிமெயில் செயலியில் `Mobile Signature` என்று தனி அமைப்பு உண்டு. கணினியில் மாற்றியதோடு விட்டுவிட்டால், அங்கே எப்போதோ போட்ட பழைய நம்பர் தொடர்ந்து போய்க்கொண்டிருக்கும். இரண்டையும் மாற்றியபின், வேறொருவர் போனுக்கு ஒரு மெயில் அனுப்பி, அந்த எண்ணைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். உங்கள் போன் மணியடிக்க வேண்டும்.