தையலைப் பூட்டினால் எத்தனை முக்கோணம் வீண்?

16,384 முக்கோணங்கள் கொண்ட ஒரு மெஷ்ஷை 1,024 முக்கோணங்களுக்குக் குறைக்கப் போகிறோம். கேம் எஞ்சின்களில் தூரத்துப் பொருளுக்கு இப்படி இறக்கிய பிரதியைத்தான் எல்ஓடி என்கிறோம். கணக்கு எளிது: ஒவ்வொரு படியிலும் பாதி, நான்கு படிகள். இந்த 1,024 முக்கோணங்களில் எத்தனை பொருளின் வடிவத்தைக் காட்டச் செலவாகின்றன, எத்தனை டெக்ஸ்ச்சரின் வெட்டுக்கோட்டைக் காப்பாற்ற மட்டும் செலவாகின்றன என்று தனியே எழுதிப் பார்ப்பவர்கள் குறைவு. எழுதிப் பார்த்தால் இரண்டாவது செலவு திடுக்கிட வைக்கும்.

கணக்குக்கு மெதுவடை போல நடுவில் ஓட்டையுள்ள ஒரு வளையத்தை எடுத்துக்கொள்கிறேன். பெரிய சுற்றில் 128 துண்டுகள், குழாயின் சுற்றில் 64 துண்டுகள். 128 × 64 = 8,192 புள்ளிகள், 16,384 முக்கோணங்கள், 24,576 விளிம்புகள். புள்ளிகளையும் முக்கோணங்களையும் கூட்டி விளிம்புகளைக் கழித்தால் பூச்சியம் வர வேண்டும்; வருகிறது. வளையத்தில் முக்கோணங்கள் எப்போதும் புள்ளிகளைப் போல இரு மடங்கு. இந்த விகிதம் கடைசிவரை உதவும்.

இதன் மேல் ஒரு சதுர டெக்ஸ்ச்சரைப் போர்த்த, வளையத்தை இரண்டு இடத்தில் வெட்டி விரிக்க வேண்டும். பெரிய சுற்றின் நீளத்தில் ஒரு வெட்டு, குழாயைச் சுற்றி ஒரு வெட்டு. இவைதான் யூவி தையல்கள். மொத்தம் 192 விளிம்புகள், 191 புள்ளிகள். தையலின் இரு பக்கமும் ஒரே இடத்தில்தான் இருக்கின்றன; ஆனால் ஒரு பக்கத்தில் u = 0, மறு பக்கத்தில் u = 1. ஆகவே பஃபரில் ஒரு புள்ளிக்கு இரண்டு வெர்டெக்ஸ்கள், இரு தையலும் சந்திக்கும் ஒரே ஒரு இடத்தில் நான்கு. 8,192 புள்ளிகள் 129 × 65 = 8,385 வெர்டெக்ஸ்களாகின்றன. வெறும் 193 தான் கூடுதல், 2.4 சதவீதம். தொடக்க மெஷ்ஷில் இந்தச் செலவு கண்ணிலேயே படாது.

மைக்கேல் கார்லண்டும் பால் ஹெக்பர்ட்டும் 1997-இல் தந்த குவாட்ரிக் முறை இப்படி இயங்குகிறது. ஒவ்வொரு முக்கோணமும் ஒரு தளம். ஒரு புள்ளியைச் சுற்றியுள்ள தளங்களிலிருந்து அந்தப் புள்ளி எவ்வளவு விலகினாலும், விலகல்களின் வர்க்கக் கூட்டுத்தொகையை ஒரே 4×4 சமச்சீர் அணியிலிருந்து `vᵀQv` என்று பெற்றுவிடலாம். சமச்சீர் என்பதால் 16 எண்களில் 10 மட்டும் வைத்திருந்தால் போதும். ஒரு புள்ளிக்கு 40 பைட், 8,192 புள்ளிகளுக்கு 320 கிலோபைட். ஒரு விளிம்பை ஒடுக்கும்போது இரு முனைகளின் Q-க்களைக் கூட்டுகிறோம். எந்த விளிம்புக்குப் பிழை குறைவோ அது முதலில் ஒடுங்குகிறது.

இந்த முறைக்குத் தையல் என்றால் என்னவென்று தெரியாது. இரு வெர்டெக்ஸையும் ஒரே புள்ளியாக இணைத்துவிட்டால், வலப்பக்க முக்கோணத்தின் u 127/128-இலிருந்து 0-க்குத் தாவும். முழு டெக்ஸ்ச்சரும் ஒரு துண்டின் அகலத்தில் தலைகீழாக நசுங்கும். இணைக்காமல் விட்டால் தையலின் இரு பக்கமும் இரண்டு திறந்த ஓரங்களாகி, தனித்தனியே ஒடுங்கும். குழாயின் ஆரம் 0.4 மீட்டர் என்போம். ஒரு பக்கத்தில் 64 துண்டுகள் இருக்க மறுபக்கம் 16 ஆகிவிட்டால் நடுவில் 0.4 × (1 − cos 11.25°), அதாவது 7.7 மி.மீ. பிளவு. 1,080 வரிசைத் திரையில், 60 டிகிரி செங்குத்துப் பார்வையில், 10 மீட்டர் தொலைவில் இது 0.72 பிக்செல். ஒரு பிக்செலுக்குக் குறைவுதானே என்று விட்டுவிட முடியாது. மேற்பரப்பு அரை பிக்செல் நகர்ந்தால் யாருக்கும் தெரியாது. பிளவு அரை பிக்செல் இருந்தாலும் அதன் வழியே பின்னணியின் வெளிச்சம் புள்ளி புள்ளியாக மின்னும். கேமரா அசையும்போது அது கண்ணை உறுத்தும்.

எனவே பலரும் செய்வது பூட்டுவது: தையலில் உள்ள எந்தப் புள்ளியையும் தொடாதே என்று சொல்லிவிடுவது. பிளவு வராது, டெக்ஸ்ச்சர் நசுங்காது. அதற்கான விலை இது:

| முக்கோணங்கள் | மொத்தப் புள்ளிகள் | பூட்டிய தையல் புள்ளிகள் | பங்கு |
|---|---|---|---|
| 16,384 | 8,192 | 191 | 2.3% |
| 8,192 | 4,096 | 191 | 4.7% |
| 4,096 | 2,048 | 191 | 9.3% |
| 2,048 | 1,024 | 191 | 18.7% |
| 1,024 | 512 | 191 | 37.3% |

கடைசிப் படியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் தையலில் முடங்கிக் கிடக்கிறது. இன்னும் கீழே போனால் சுவரில் முட்டுவோம். தையல் வழியே வெட்டி விரித்த வளையம் 384 பக்கங்கள் கொண்ட ஒரு பலகோணம். உள்ளே ஒரு புள்ளிகூட இல்லாவிட்டாலும் அதை நிரப்ப 382 முக்கோணங்கள் வேண்டும். 256 முக்கோணங்கள் கேட்டால் எந்த நிரலாலும் தர முடியாது. எல்ஓடி ஒரு குறிப்பிட்ட எண்ணுக்குக் கீழே இறங்கவே மறுக்கிறது என்றால், பிழை வரம்பைத் தளர்த்துவதற்கு முன் தையல் விளிம்புகளை எண்ணிப் பாருங்கள்.

பூட்டாமலே தையலைக் காப்பாற்ற முடியும். தையலும் மெலியட்டும், ஆனால் இரு பக்கமும் ஜோடியாக மட்டும் மெலியட்டும். தையல் புள்ளி ஒன்று, தையல் விளிம்பு வழியே, அடுத்த தையல் புள்ளிக்கு மட்டுமே ஒடுங்கலாம். இடப்பக்க வெர்டெக்ஸ் இடப்பக்க அயலானுக்கும், வலப்பக்க வெர்டெக்ஸ் வலப்பக்க அயலானுக்கும் ஒரே நேரத்தில் போக வேண்டும். இரண்டு தையல் புள்ளிகளை ஒரு சாதாரண உள் விளிம்பு இணைத்தால் அந்த வழியே ஒடுங்கக் கூடாது. தையல் குறுக்கே தாண்டிவிடும். நான்கு வெர்டெக்ஸ் உள்ள சந்திப்பை மட்டும் பூட்டினால் போதும். ஆர்செனி கபுல்கினின் மெஷ்ஆப்டிமைசர் நூலகம் ஏறக்குறைய இப்படித்தான் புள்ளிகளை வகை பிரிக்கிறது.

தையல் சீராக மெலிந்தால் முக்கோணங்கள் பதினாறில் ஒன்றாகும்போது தையல் நீளத்தில் உள்ள விளிம்புகள் நான்கில் ஒன்றாகும்: 192-இலிருந்து 48, புள்ளிகள் 47. பூட்டிய கணக்கில் 191. மிச்சமாகும் 144 புள்ளிகளுக்கு 288 முக்கோணங்கள். 1,024-இல் 28 சதவீதம் வடிவத்துக்குத் திரும்பி வருகிறது.

இதில் ஒரு ஓட்டை இருக்கிறது. அதை அடைக்காவிட்டால் தையல் தன் பாதையை விட்டு விலகும். சமதளச் சுவரில் தையல் ஓர் இடத்தில் செங்கோணமாகத் திரும்புகிறது என்று வையுங்கள். இரு கையும் 10 செ.மீ. மூலைப் புள்ளியை ஒரு கையின் முனைக்கு ஒடுக்கினால் எல்லாம் ஒரே தளம் என்பதால் குவாட்ரிக் பிழை பூச்சியம். மூலை வெட்டுப்பட்டுத் தையல் சரிவாக ஓடும், டெக்ஸ்ச்சர் இழுபடும், நிரலோ இலவசம் என்று நினைக்கும். கார்லண்டும் ஹெக்பர்ட்டும் திறந்த ஓரங்களுக்குச் சொன்ன மருந்தே இதற்கும் பொருந்தும்: ஒவ்வொரு தையல் விளிம்பின் வழியேயும் மேற்பரப்புக்குச் செங்குத்தாக ஒரு கற்பனைத் தளத்தை Q-வில் சேர்ப்பது. இப்போது அதே மூலை நகர்ந்தால் மற்றக் கையின் தளத்திலிருந்து 0.1 மீட்டர் விலகுகிறது, பிழை 0.01. நேராக ஓடும் தையலில் ஒடுங்கினால் பிழை இன்னமும் பூச்சியம். மெலிய வேண்டிய இடத்தில் மட்டும் தையல் மெலிகிறது.

நினைவகக் கணக்கும் இந்த ஒடுக்கும் முறையோடு பிணைந்தது. ஒரு முனையை மற்ற முனைக்கே நகர்த்துவதால் புது வெர்டெக்ஸ் பிறப்பதில்லை. எல்லாப் படிகளும் ஒரே வெர்டெக்ஸ் பஃபரைப் பகிரலாம். வெர்டெக்ஸுக்கு 32 பைட் என்றால் பஃபர் 2,68,320 பைட். முதல் படியின் 16-பிட் இன்டெக்ஸ்கள் 98,304 பைட். கீழுள்ள நான்கு படிகளும் சேர்ந்து 92,160 பைட் மட்டுமே, அதாவது 25 சதவீதம் கூடுதல். ஒவ்வொரு படிக்கும் தனி வெர்டெக்ஸ்கள் வைத்தால் கூடுதல் 92 சதவீதத்துக்குக் குறையாது. புதிய இடத்தில் புள்ளி வைத்தால் வடிவம் கொஞ்சம் நன்றாக வரும் என்பது உண்மை. ஆனாலும் தையல் உள்ள மெஷ்ஷில் நான் பகிர்வதையே தேர்வேன்: புது இடத்துக்கு இரு பக்கமும் புது யூவி கணக்கிட வேண்டிய தொல்லை இல்லை.

இத்தனையும் ஒரு சிறு அலட்சியத்தில் வீணாகலாம். இரு வெர்டெக்ஸும் ஒரே புள்ளி என்று நிரல் அறிவது, இடத்தின் எண்கள் பிட் பிட்டாக ஒத்திருப்பதால்தான். வளையத்தை உருவாக்கும்போது கடைசித் துண்டுக்கு 2π கோணத்தை அப்படியே கொடுத்தால், 32-பிட் எண்ணில் சைன் பூச்சியமாக வராது, 0.00000017 வரும். கண்ணுக்கு ஒட்டியிருக்கும், நிரலுக்குத் திறந்த ஓரம். கோணத்தைச் சுற்றி மடக்க வேண்டும்:

```
float a = 2.0f * PI * (i % 128) / 128.0f;  // இடம்
float u = i / 128.0f;                      // யூவி: மடக்கக் கூடாது
```

சரியாக வந்ததா என்று பார்க்க இரண்டு எண்கள் போதும். இடத்தை வைத்து வெர்டெக்ஸ்களை ஒட்டியபின் திறந்த விளிம்புகளை எண்ணுங்கள்; வளையத்தில் எல்லாப் படியிலும் பூச்சியம் வர வேண்டும். அடுத்து முக்கோணங்களின் யூவி பரப்பைக் குறியோடு கூட்டுங்கள். விரித்த வடிவம் முழுச் சதுரம் என்பதால், தையல் புள்ளிகள் சதுரத்தின் ஓரத்திலேயே இருக்கும்வரை கூட்டுத்தொகை 1. குறியை நீக்கிக் கூட்டும்போது 1-ஐத் தாண்டினால் எங்கோ ஒரு முக்கோணம் யூவியில் புரண்டுவிட்டது.

வளையத்தின் தையல்கள் யூவியில் நேர்கோடுகள். அதனால்தான் அந்த 1 அப்படியே நிற்கிறது. யூவியில் தையல் வளைந்திருந்தால் கதை வேறு. 256 டெக்செல் ஆரமுள்ள ஒரு வட்டத் துளையின் ஓரம், 64 விளிம்புகள். 32 ஆகும்போது நாண் துளைக்குள் 1.2 டெக்செல் நீளும், 16 ஆகும்போது 4.9, எட்டாகும்போது 19.5. துளையின் ஓரத்திலிருந்து உள்ளே 8 டெக்செல் வண்ணம் நீட்டிப் பூசியிருந்தால் 16 வரை பாதுகாப்பு. எட்டில் பின்னணி நிறம் கோடாகக் கசியும். சோங்ருன் லியூ, சக்கரி பெர்குசன், அலெக் ஜேக்கப்சன், யோதம் கிங்கோல்ட் 2017-இல் வெளியிட்ட முறை யூவி எல்லையின் வடிவம் துளியும் மாறாத ஒடுக்கங்களை மட்டுமே தையலில் அனுமதிக்கிறது. ஒரே டெக்ஸ்ச்சர் எல்லாப் படிக்கும் பொருந்தும். அந்தக் கண்டிப்பில் இந்தத் துளையின் 64 புள்ளிகளும் அசையாது, 128 முக்கோணங்கள் அங்கேயே நிற்கும். பூச்சின் அகலத்தையே வரம்பாக வைத்து 16 வரை இறங்கவிட்டால் 96 முக்கோணங்கள் மிச்சம். ஆகவே எல்ஓடி நிரலுக்கு முக்கோண இலக்கைக் கொடுக்கும் அதே இடத்தில், டெக்ஸ்ச்சரில் எத்தனை டெக்செல் பூச்சு இருக்கிறது என்ற எண்ணையும் கொடுத்துவிடுவதே என் வழக்கம்.