படத்தில் ஜொலிக்கும் கடை… ஷட்டரை இறக்கினால்?
திருவண்ணாமலை கடைவீதியில் புதுக்கடை போடுவோர் கவனிக்க!

திருவண்ணாமலையில் புதுக்கடை போடுகிறவர்கள் இப்போதெல்லாம் கொத்தனாரைக் கூப்பிடுவதற்கு முன்பே கம்ப்யூட்டரில் ஒரு படம் போட்டு வாங்கிவிடுகிறார்கள்.

படம் பார்க்க அசல் போட்டோ மாதிரியே இருக்கும். மாலை நேரம், கருநீல வானம், பளபளக்கும் கண்ணாடி, உள்ளே பொன்னிற வெளிச்சம். முன்னால் அழகான சாய்ப்பு. ஷட்டர் மேலே தூக்கியிருக்கும். அது எங்கே போனது என்றுதான் தெரியாது!

வேலை முடிந்த பிறகு, "படத்துல நல்லாத்தானே இருந்துச்சு?" என்று கடைக்காரர் தலையைச் சொறிவது இங்கேதான் ஆரம்பம்.

ஒன்றரை அடிச் சண்டை

மாட வீதியில் பத்தடி அகலத்தில் ஒரு பூஜைப் பொருள் கடை என்று வைத்துக்கொள்வோம். பித்தளை விளக்கு, குத்துவிளக்கு, விபூதி, ருத்திராட்சம் விற்கும் கடை. தரையிலிருந்து மேல்தளம் வரை உயரம் 10 அடி. படத்தில் வாசல் 9 அடி உயரம். அதற்கு மேலே ஒல்லியாக ஒரு பட்டை, அதில் பெயர்ப் பலகை. அவ்வளவுதான்.

ஷட்டர் மிஸ்திரி வந்ததும் கேட்கும் முதல் கேள்வி: "சுருள் உள்ளேயா, வெளியேயா?"

இரும்புக் கதவு மேலே போனதும் மாயமாகிவிடாது. சுருண்டு உருளையாக நிற்கும். 8 அடி உயரக் கதவு சுருண்டால் அதன் பருமன் சுமார் ஓர் அடி. மூடுபெட்டியும் தாங்கும் பிளேட்டும் சேர்த்தால் ஒன்றேகால் அடி. பக்கத்துக்கு மூன்று அங்குலமாக வழிகாட்டும் சேனல்கள் வேறு. பத்தடி வாசல் ஒன்பதரை அடியாகிவிடும்.

படத்தில் இருப்பதுபோல வாசலை 9 அடிக்கு வைத்தால் சுருள் 10 அடி 3 அங்குலத்துக்குப் போய்விடும். அதாவது, மேல்தளத்தில் இடிக்கும். எனவே வாசலை 8 அடியாகக் குறைக்க வேண்டும். அப்போது சுருள்பெட்டி 8 அடியில் தொடங்கி 9 அடி 3 அங்குலத்தில் முடியும்.

அதற்கு மேலேதான் சாய்ப்பைப் பிடிக்க முடியும். 9½ அடியில் பிடித்து, நான்கடி முன்னால் நீட்டி, மழைத்தண்ணீர் ஓட அரை அடி சரிவு கொடுத்தால் முன்விளிம்பு 9 அடியில் நிற்கும். தலை இடிக்காது, சுருளும் இடிக்காது. ஆனால் பெயர்ப் பலகைக்குப் படத்தில் இருந்த இடம் போய்விட்டது. அது சாய்ப்புக்கு மேலே ஏற வேண்டும்.

"சுருளை உள்ளே வைத்தால் போச்சு" என்பார்கள் சிலர். வைக்கலாம். ஆனால் கடைக்குள் கூரையோரம் ஒன்றேகால் அடி அதற்கு விட வேண்டும். அழகுக்கூரை போட்டு மூடுகிறவர்கள், கையும் ஸ்பேனரும் நுழைய ஒரு திறப்பு விடுவதில்லை. இந்த அளவு கதவின் எடை 90 கிலோ வரை வரும். அதைத் தூக்கிக் கொடுப்பது உருளைக்குள் இருக்கும் ஸ்பிரிங். அது தளர்ந்தால் கதவு தூக்க முடியாமல் கனக்கும், பாதியில் நிற்காமல் சரிந்து வரும். அந்த நாளில் கூரையையே அறுத்துத்தான் பழுது பார்க்க வேண்டும்.

தேர் வருகிறது!

அண்ணாமலையார் கோவில் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள் மகா தேரோட்டம். பஞ்ச ரதங்கள் மாட வீதிகளில் வலம் வரும். தேர் வரும் வழியில் கடைகளின் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கூரைகளை அதற்கு முன்பே அகற்றச் சொல்வார்கள். 2024-ல் மாநகராட்சியான ஊர் இது. சாலைக்கு மேல் நீட்டினால் மற்ற நாளிலும் ஆக்கிரமிப்புக் கணக்குதான்.

படம் போட்டவருக்குத் தேர் தெரியாது. அவர் சாய்ப்பைச் சுவரோடு வெல்டிங் வைத்து, அதன் விளிம்பில் விளக்கு வரிசையும் மாட்டிவிடுவார். பிரிக்கும் நாளில் கேஸ் கட்டிங் வைத்து அறுப்பதைத் தவிர வழியில்லை. செலவு கடைக்காரர் தலையில்!

இந்த வீதிகளில் மடக்கிச் சுவரோடு சேர்த்துவிடக்கூடிய சாய்ப்பு, அல்லது நான்கு போல்ட்டைக் கழற்றினால் இறங்கிவிடும் சட்டம், இரண்டில் ஒன்றுதான் சரி. பலகையையும் விளக்கையும் அதன்மேல் மாட்டாமல் சுவரிலேயே மாட்டினால், சாய்ப்பு போனாலும் கடை இருட்டாகாது.

வெளிச்சம் ஏமாற்றும்

படத்தில் எப்போதும் அந்தி நேரம். பகல் பதினோரு மணிக்கு யாரும் படம் போடுவதில்லை. அப்போது வீதி வெயிலின் வெளிச்சத்துக்கு முன்னால் கடைக்குள் இருக்கும் விளக்கு ஒன்றுமேயில்லை. கண்ணாடிக்கு ஆறடி தள்ளி நின்றால் உள்ளே இருக்கும் குத்துவிளக்கு தெரியாது, பார்ப்பவரின் முகம்தான் தெரியும்.

அதற்கு மருந்து பல்பைக் கூட்டுவதல்ல, கண்ணாடிமேல் நிழல் விழச் செய்வது. சாய்ப்பின் நிஜமான வேலை அதுதான். நிழலுக்கு நீலப் படுதா போட்டால் அதன் சாயல் பொருள்மேல் இறங்கி, பித்தளை மங்கிப்போகும். வெள்ளை அல்லது வெளிர் மஞ்சள் நல்லது.

விளக்கைக் கடை நடுவில் தொங்கவிடாமல், கண்ணாடிக்கு உட்பக்கம் மேலே வைத்து, பொருளைப் பார்த்துச் சாய்க்க வேண்டும். பித்தளைக்கு மஞ்சள் கலந்த 3000 கெல்வின் வெளிச்சம் பொருந்தும். துணிக்கடை என்றால் 4000. பவுர்ணமி இரவில் கிரிவலத்துக்கு வரும் கூட்டம் கடை ஓரமாக நடந்து போகும்போது, விளக்கு கண்ணைக் குத்தினால் அவர்கள் திரும்பியும் பார்க்க மாட்டார்கள்.

உயிரோடு விளையாட்டு

படத்தில் ஒருபோதும் வராத இன்னொரு பொருள் ஒயர். பலகைக்குப் போகும் ஒயரை ஷட்டர் சேனல் ஓரமாக இழுத்துவிடுகிறார்கள். தினமும் இரண்டு தடவை கதவு ஏறி இறங்கும்போது உரசி உரசி, மேல்தோல் தேய்கிறது. ஒரு மழை நாளில் மொத்த இரும்புக் கதவிலும் கரண்ட். காலையில் ஈரக்காலோடு வந்து பூட்டைத் திறப்பவரின் கதி?

"லேசா சுர்ருன்னு அடிக்குது" என்று யாராவது சொன்னால் அதுதான் எச்சரிக்கை. உடனே மெயினை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும். ஒயர் தனிக் குழாயில், சேனலை விட்டு விலகிப் போக வேண்டும். ஷட்டர் சட்டத்துக்கு எர்த் வேண்டும். 30 மில்லி ஆம்பியருக்கு விழும் ஆர்.சி.சி.பி. வேண்டும். மாதம் ஒரு தடவை அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தி, விழுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

பணம் கொடுக்கும் முன்…

படம் போடுபவரிடம் இன்னும் மூன்று படம் கேட்டு வாங்கலாம். ஷட்டர் இறக்கிய நிலையில் ஒன்று. உச்சிவெயிலில் ஒன்று. கடையோரம் நடந்து வருகிறவர் கண்ணுக்கு, ஆறடி தள்ளி எப்படித் தெரியும் என்று ஒன்று. அகன்ற லென்ஸ் வைத்துப் பத்தடிக் கடையைப் பதினைந்து அடியாகக் காட்டும் வித்தை இந்த மூன்றாவது படத்தில் வெளுத்துவிடும்.

கூடவே, கடையைப் பக்கவாட்டில் வெட்டிக் காட்டும் அளவுப்படம் ஒன்று. சுருள், சாய்ப்பு, பலகை, விளக்கு நான்கும் எத்தனை அடியில் என்று அதில் எழுதியிருக்க வேண்டும். மிஸ்திரி கையில் கொடுக்க வேண்டியது அந்தக் காகிதம்தான்!