தேவைப்படும்போது இறங்கும் பாகங்கள்

வங்கிச் செயலி ஒன்றின் அளவு 40 எம்பி என்று வைத்துக்கொள்வோம். அதில் 18 எம்பியை ஒரே ஒரு வசதி பிடித்துக்கொண்டிருக்கிறது: அடையாள அட்டையைக் கேமராவில் படித்து, அதிலுள்ள படத்தை வாடிக்கையாளரின் முகத்தோடு ஒப்பிடும் கேஒய்சி பகுதி. புதிதாகக் கணக்குத் தொடங்குபவருக்கு அது ஒருமுறை தேவைப்படும். ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவருக்குத் தேவையே இல்லை. ஆனாலும் 40 எம்பியையும் எல்லோரும் இறக்கியாக வேண்டும்.

இந்தச் சுமையைக் குறைக்க, 2018இல் கூகுள் ‘ஆண்ட்ராய்டு ஆப் பண்டில்’ என்ற வடிவத்தை அறிமுகப்படுத்தியது. நிரலாளர் முழுச் செயலியையும் ஒரே பொட்டலமாகக் கட்டி அனுப்பாமல், பாகம் பாகமாகப் பிளே ஸ்டோரிடம் ஒப்படைக்கிறார். எந்த போனுக்கு எந்தப் பாகம் போக வேண்டும் என்பதைப் பிளே ஸ்டோர் பார்த்துக்கொள்கிறது. 2021 ஆகஸ்ட் முதல் பிளே ஸ்டோருக்கு வரும் புதிய செயலிகளுக்கு இந்த வடிவம் கட்டாயம்.

செயலியின் அடித்தளம் ‘பேஸ் மாட்யூல்’. கேஒய்சி பகுதியைத் தனி மாட்யூலாகப் பிரித்து, அதன் மேனிஃபெஸ்ட் கோப்பில் `<dist:on-demand/>` என்று குறித்துவிட்டால், முதல் பதிவிறக்கத்தில் அது சேராது. 40 எம்பி 22 ஆகிவிடும். வாடிக்கையாளர் ‘புதிய கணக்கு’ பொத்தானை அழுத்தும்போது, `SplitInstallManager` வழியாகச் செயலி பிளே ஸ்டோரிடம் அந்த மாட்யூலைக் கேட்கிறது. அது இறங்கி நிறுவப்பட்டதும், செயலியை மூடித் திறக்காமலே கேமராத் திரை வருகிறது.

சொல்வதற்கு எளிது, பிரிப்பதுதான் கடினம். இணைப்பு ஒரு திசையில் மட்டுமே செல்லும். கேஒய்சி மாட்யூல் பேஸில் உள்ளதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். பேஸோ கேஒய்சியில் உள்ள எதையும் நேரடியாகக் குறிப்பிட முடியாது, ஏனெனில் அது போனில் இல்லாமலும் போகலாம். எனவே கேஒய்சித் திரையை அதன் முழுப்பெயரை எழுத்துச்சரமாகக் கொடுத்துத்தான் திறக்க வேண்டும். இரண்டு மாட்யூல்கள் ஒரே நூலகத்தைப் பயன்படுத்தினால், பொதுவாக அந்த நூலகத்தைப் பேஸுக்குள் வைக்க வேண்டியிருக்கும். முகத்தை அறியும் நூலகத்தை இன்னொரு வசதியும் கேட்டால், மிச்சம் பிடித்த 18 எம்பியில் பெரும்பங்கு பேஸுக்கே திரும்பிவிடலாம். அதனால் எந்த எடை எங்கே இருக்கிறது என்று அளந்து பார்த்த பிறகே பிரிக்கத் தொடங்க வேண்டும்.

பிழைகளில் மிகவும் ஏமாற்றுவது நிரலாளரின் மேசையில் கண்ணுக்குப் படாத பிழை. ஆண்ட்ராய்டு ஸ்டூடியோவிலிருந்து போனில் ஓட்டிப் பார்க்கும்போது, வேறு விதமாகச் சொல்லாவிட்டால் எல்லா மாட்யூல்களும் சேர்ந்தே நிறுவப்படும். அங்கே எல்லாம் சரியாக ஓடும். வாடிக்கையாளர் போனில், மாட்யூல் வந்துவிட்டதா என்று பார்க்காமல் திரையைத் திறக்க முயன்றால் செயலி அப்படியே நின்றுவிடும். பிழைப் பதிவில் `ClassNotFoundException` அல்லது `ActivityNotFoundException` இருக்கும். பண்டில்டூலின் `--local-testing` தெரிவையோ பிளே ஸ்டோரின் உள்சோதனைத் தடத்தையோ பயன்படுத்தினால் இது முன்கூட்டியே பிடிபடும். வழி தவறியதை விட்டு, தாமதத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இணையம் அறுந்தால், இடம் போதாவிட்டால், பெரிய பதிவிறக்கத்துக்குப் பயனரின் சம்மதம் கேட்கப்பட்டால் என்ன காட்டுவது என்று எழுதிவைக்காத செயலியில், சக்கரம் சுற்றிக்கொண்டே இருக்கும்.

பிளே ஸ்டோருக்கு வெளியே, நண்பரிடமிருந்து கோப்பாக வாங்கி நிறுவிய செயலியில் மாட்யூலை அனுப்ப ஆளில்லை. இறங்கிய மாட்யூலும் பேஸின் பதிப்போடு ஒட்டியே போகும். தனியாகப் புதுப்பிக்க முடியாது. செயலி புதுப்பிக்கப்படும்போது, வேலை முடிந்த கேஒய்சியின் புதுப்பிப்பும் சேர்ந்தே இறங்கும். அதனால் கணக்கு திறந்ததும் `deferredUninstall` என்ற கட்டளையால் அதை நீக்கச் சொல்லிவிடுவது நல்லது. நீக்கம் உடனே நடக்காது. பிளே ஸ்டோர் தனக்கு வாய்ப்பான நேரத்தில், பின்னணியில் செய்துகொள்ளும்.

ஆப்பிளின் ஐஓஎஸ் 9இல் 2015இல் வந்த ‘ஆன்-டிமாண்ட் ரிசோர்சஸ்’ இதன் உறவினர்தான். ஆனால் அதில் படம், ஒலி, விளையாட்டின் கட்டங்கள் போன்றவற்றைத்தான் பின்னர் இறக்க முடியும். இயங்கும் நிரலை இறக்க முடியாது.

எதைப் பிரிக்கலாம் என்பதற்கு அரிதாகப் பயன்படுவது மட்டும் போதாது. கேஒய்சி செய்பவர் பெரும்பாலும் நிதானமாக உட்கார்ந்து, நல்ல இணைய வசதியோடு இருக்கிறார். எப்படியும் படத்தைச் சர்வருக்கு அனுப்பத்தான் போகிறார். அரை நிமிடம் காத்திருப்பது அவருக்குப் பெரிதல்ல. அதே செயலியில் அட்டையைத் தொலைத்தவர் அதை முடக்கும் வசதியும் அரிதாகத்தான் பயன்படும். அது பேஸிலேயே இருக்க வேண்டும்.