எர்த் நன்றாக இருக்கிறது, ஆனாலும் ஷாக் அடிக்கும்

கோவைப் பக்கம் ஒரு சின்ன லேத் பட்டறை என்று வைத்துக்கொள்வோம். வீதி டிரான்ஸ்பார்மரிலிருந்து மூன்று பேஸ் சப்ளை, நாலைந்து மெஷின், பின்புறம் ஒரு எர்த் பிட். மின் பாதுகாப்பு ஆய்வு முடிந்து அறிக்கை வந்திருக்கிறது. முதலாளி முதல் வரியைப் படிக்கிறார்: எர்த் பிட் 1.8 ஓம், திருப்தி. அத்தோடு கோப்பை மூடிவிடுகிறார். பெரும்பாலான பட்டறைகளில் இதுதான் நடக்கிறது.

அடுத்த பக்கத்தில் இருப்பதுதான் விஷயம். இரண்டாவது லேத்தின் 'எர்த் லூப்' 5.8 ஓம் என்று போட்டிருக்கிறது. மோட்டாருக்குள் ஒரு பேஸ் வயர் உரசி பாடியைத் தொட்டால், மின்னோட்டம் எர்த் கம்பி வழியாக பிட்டுக்கு இறங்கி, மண்ணில் ஓடி, டிரான்ஸ்பார்மருக்குத் திரும்ப வேண்டும். அந்த முழுச் சுற்றின் தடைதான் இந்த 5.8.

230 வோல்ட்டை 5.8ஆல் வகுத்தால் சுமார் 40 ஆம்பியர். அந்த லைனில் இருப்பது 32 ஆம்பியர் 'சி' வகை எம்சிபி. கண்ணிமைக்கும் நேரத்தில் அது நிச்சயமாக விழ வேண்டுமென்றால் பத்து மடங்கு, அதாவது 320 ஆம்பியர் ஓட வேண்டும். 40 ஆம்பியரை அது கொஞ்சம் கூடுதலான லோடு என்றுதான் எடுத்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் ஆனாலும் விழாமல் இருக்கலாம். அதுவரை லேத்தின் பாடியில் 200 வோல்ட்டுக்கு மேல் நிற்கும். ஹேண்டிலைப் பிடித்திருப்பவர் கதி என்ன?

லூப் ஏன் இவ்வளவு? லேத்தின் அடியில் எர்த் கம்பியின் லக் துருப்பிடித்து, நட்டு லூசாகியிருந்தது. அந்த ஒரு மூட்டில் மட்டும் 3.4 ஓம். சுரண்டிச் சுத்தம் செய்து, புது லக் அடித்து முறுக்கினால் லூப் 2.4 ஓமுக்கு வரும். வயர்மேன்கள் பலர் இதோடு வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். முடியவில்லை. 2.4 ஓமில் ஓடுவது 96 ஆம்பியர்தான். எம்சிபி விழப் பல வினாடிகள் ஆகலாம், பாடியில் அப்போதும் 170 வோல்ட் இருக்கும். பிட்டில் எத்தனை மூட்டை உப்பும் கரியும் போட்டாலும், சப்ளை மண் வழியாகத் திரும்பும் இடத்தில் எம்சிபியை மட்டும் நம்ப முடியாது. அங்கே ஆளைக் காப்பாற்றுவது ஆர்சிசிபி. 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே அது 0.3 வினாடிக்குள் லைனைத் துண்டித்தாக வேண்டும்.

அந்தப் பட்டறையில் ஆர்சிசிபி இருந்தது. ஆனால் அதைச் சுற்றி நேர் வயர் போட்டு வைத்திருந்தார்கள். 'அடிக்கடி விழுதுங்க, ப்ரொடக்‌ஷன் நிக்குது' என்பார்கள். ஏன் விழுந்தது என்பதற்கும் பதில் அதே அறிக்கையில் இருக்கிறது. ட்ரில்லிங் மெஷின் மோட்டாரை 500 வோல்ட் மெகர் வைத்துப் பார்த்ததில் இன்சுலேஷன் 0.01 மெகஓம், குறைந்தது 1 மெகஓமாவது இருக்க வேண்டும். கூலன்ட் டெர்மினல் பெட்டிக்குள் இறங்கி ஊறியிருந்தது. கணக்குப் போட்டால் 23 மில்லி ஆம்பியர் எப்போதும் கசிந்துகொண்டிருக்கும். 15க்கு மேல் போனாலே ஆர்சிசிபி விழ வாய்ப்புண்டு. அது கோளாறில்லை, சொல்லிக்கொண்டிருந்தது. கேட்கப் பிடிக்காமல் வாயை அடைத்துவிட்டார்கள்.

ஆகவே காலக்கெடுவைப் படிக்கும்போது தேதியோடு வரிசையையும் பாருங்கள். லேத்தும் ட்ரில்லும் இன்றே நிறுத்தப்பட்டு, மெயினில் பூட்டும் அட்டையும் மாட்டப்பட வேண்டும். ட்ரில்லின் வயரைக் கழற்றிய பிறகு, அன்றைக்கே ஆர்சிசிபியின் நேர் வயரை எடுத்துவிடலாம். இனி வீணாக விழாது. மோட்டாரை உலர்த்தவோ ரீவைண்டிங் செய்யவோ 7 நாள். மூன்று பேஸ் மோட்டாரின் பாடிக்கு இரண்டு தனித்தனி எர்த் இணைப்பு வேண்டும் என்பது விதி. விடுபட்ட இரண்டாவது கம்பியை லேத்துக்கு இழுத்த பிறகே பூட்டைத் திறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பொதுவாக '30 நாள்' என்று எழுதித் தரும் அறிக்கை சோம்பேறித்தனமானது.

1.8 ஓம் என்ற அந்தத் திருப்தியான எண்ணிலும் ஒரு கேள்வி கேளுங்கள்: எந்த மாதம் எடுத்தது? மழை பெய்து மண் ஈரமாக இருக்கும்போது எர்த் பிட் நல்ல பிள்ளையாக இருக்கும். கோடையில் காய்ந்த நாளில் எடுத்ததே கணக்கு.

வேலை முடிந்ததும் 'சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி எழுதி வயர்மேன் கையெழுத்துக் கேட்டால் போட்டுவிடாதீர்கள். லேத்தின் புது லூப் எத்தனை ஓம், ட்ரில்லின் மெகர் எத்தனை, ஆர்சிசிபி எத்தனை மில்லி செகண்டில் விழுந்தது என்று மூன்று எண்களையும் எழுதி வாங்குங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை மாதம் ஒருமுறை அழுத்துங்கள். ஆனால் அது உள்ளே இருக்கும் மெக்கானிசத்தை மட்டுமே சோதிக்கும், எர்த் கம்பியை அல்ல.